உள்சுவருக்குச் சிமெண்டா, ஜிப்சமா? தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

முடிச்சூரில் என் அத்தை மகன் வீடு கட்டுகிறான். தரைத்தளமும் ஒரு மாடியும். கீழே செங்கல் சுவர், மேலே எடை குறையட்டும் என்று ஏஏசி பிளாக். கட்டு வேலை முடிந்து உள்பூச்சுக்கு நாள் குறிக்கும் நேரத்தில் ஒரு ஜிப்சம் ஒப்பந்தக்காரர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். அன்று ராத்திரியே எனக்குப் போன்.

"மச்சான், ஜிப்சம் போட்டா வீடு குளுகுளுன்னு இருக்குமாம். ஏசி கரண்ட் பில் குறையுமாம். விரிசலே வராதாம். தண்ணி ஊத்தி நனைக்கவும் வேண்டாமாம். ஆனா நம்ம மேஸ்திரி, மழைக்கு நிக்காது சார், சிமெண்டே போடுங்கன்றாரு. யார் சொல்றத கேக்கறது?"

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டு பேரும் முழு வீட்டுக்கும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். உள்பூச்சை வீடு முழுக்க ஒன்றாக முடிவு செய்யவே கூடாது, சுவர் சுவராக முடிவு செய்ய வேண்டும் என்பது பல வருடங்களாகக் கட்டட வேலையில் இருக்கும் என் திடமான கருத்து. அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குளுகுளு கதையை முடித்துவிடலாம். பலரும் இதை நம்பித்தான் ஜிப்சத்துக்குப் போகிறார்கள்.

சிமெண்ட் பூச்சை விட ஜிப்சம் பூச்சு வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும். அதில் பொய் இல்லை. நம் நாட்டுக் கட்டடக் கையேடுகளில் சிமெண்ட் பூச்சின் கடத்துதிறன் சுமார் 0.72, ஜிப்சம் பூச்சுக்குச் சுமார் 0.51. ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைவு. விற்பவர்கள் காட்டும் எண் இதுதான். ஆனால் பூச்சின் தடிமன் 12 மில்லிமீட்டர்தான். அதற்குப் பின்னால் 230 மில்லிமீட்டர் செங்கல் நிற்கிறது.

வெளிப்பூச்சு, செங்கல், உள்பூச்சு, இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி நிற்கும் காற்று எல்லாம் சேர்ந்து வெப்பத்துக்குக் காட்டும் மொத்தத் தடையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளே போட்ட சிமெண்ட் பூச்சின் பங்கு மூன்றரை கூட இல்லை. அதை எடுத்துவிட்டு அதே தடிமனில் ஜிப்சம் போட்டால் மொத்தம் 101.4 ஆகும். அவ்வளவுதான். அதே கணக்கில் ஒன்பது அங்குலச் செங்கலுக்குப் பதில் எட்டு அங்குல ஏஏசி பிளாக் வைத்தால் மொத்தத் தடை 270 பக்கம் போகிறது. அதாவது அவன் மாடிக்கு வெயிலைத் தடுக்கப்போவது எது என்பது, பிளாக்கை வாங்கி இறக்கிய அன்றே முடிவாகிவிட்டது. அதன்மேல் எந்தப் பூச்சு போட்டாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. மேற்குச் சுவரில் மாலை வெயில் படாமல் ஒரு நிழல் கொடுப்பதும், மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளை ஓடு பதிப்பதும் செய்கிற காரியத்தை எந்த உள்பூச்சும் செய்யாது.

பிறகு ஏன் சிலர் ஜிப்சம் வீடு குளுமையாக இருக்கிறது என்று மனதாரச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் அந்த வீடுகள் ஏஏசி பிளாக்கில் கட்டியவை. பிளாக்கின் வேலைக்குப் பூச்சு பெயர் வாங்குகிறது.

வெப்பத்தில் ஜிப்சத்துக்கு உண்மையான சிறப்பு ஒன்று உண்டு, அது தீ விபத்தில். இறுகிய ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதன் படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். தீப்பிடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி முடியும்வரை சுவர் சூடேறுவது தாமதமாகும். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஐம்பது டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடு படும் இடத்தில் ஜிப்சம் மெல்ல மெல்ல அந்தத் தண்ணீரை இழந்து பொடியாகும். அடுப்புக்கு நேர் பின்னால் இருக்கும் சுவருக்கு அது வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம்.

ஆக, கரண்ட் பில்லை மறந்துவிடுங்கள். முடிவு செய்யவேண்டியது தண்ணீரும் விரிசலும்தான்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு தெளிவு முதலில் வேண்டும். காற்றில் இருக்கும் ஈரப்பதம் வேறு, சுவருக்குள் இறங்கும் தண்ணீர் வேறு. சென்னைப் பக்கத்து ஈரக்காற்றால் ஜிப்சம் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், காற்று காய்ந்ததும் விட்டுவிடும். கடற்கரை ஊர்களில் ஜிப்சமே கூடாது என்று சொல்வது அதனால் சரியில்லை. ஜிப்சத்துக்கு ஆகாதது திரவமாக வந்து சுவருக்குள் தங்கும் தண்ணீர்.

காரணம் அது இறுகும் விதத்திலேயே இருக்கிறது. மூட்டையில் வருவது, தண்ணீரை முக்கால்வாசி இழக்கும்வரை வறுத்த ஜிப்சக் கல்லின் பொடி. நாம் தண்ணீர் கலந்ததும் இழந்ததைத் திரும்பக் குடித்து, ஊசி ஊசியான படிகங்களாக வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அரைமணி நேரத்துக்குள் இறுகுகிறது. அந்தப் பின்னல்தான் அதன் வலு. ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 2 கிராம் ஜிப்சத்தைக் கரைக்கும். சின்ன அளவுதான். ஆனால் பூச்சு முழுக்க நனைந்து கிடக்கும்போது படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் இளகுகின்றன. காய்ந்த பூச்சுக்கு இருக்கும் வலுவில் பாதிக்கு மேல் போய்விடும். ஒரு முறை நனைந்து முழுசாகக் காய்ந்துவிட்டால் வலு பெரும்பாலும் திரும்பிவிடும். வருடாவருடம் அதே இடம் நனைந்தால் திரும்பாது. முதலில் பெயிண்ட் கொப்புளம் விடும், பிறகு பூச்சு மாவாகி நகத்தால் சுரண்டினாலே கொட்டும், மூலையில் கருப்புப் பூஞ்சை பிடிக்கும்.

சிமெண்டின் கதை வேறு. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகி உண்டாகும் பொருள் தண்ணீரில் இளகாது. அதற்காகச் சிமெண்ட் பூச்சு தண்ணீரைத் தடுத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. மேஸ்திரிகள் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். சிமெண்ட் பூச்சும் நுண்துளைகள் நிறைந்ததுதான், ஓதம் அதன் வழியாகவும் ஏறும், உப்பு பூக்கும், பெயிண்ட் உரியும். ஒரே வித்தியாசம், பெயிண்ட் போன பிறகும் பூச்சு நிற்கும். ஓட்டையைச் சரிசெய்து, காயவிட்டு, உப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பெயிண்ட் அடிக்கலாம். ஜிப்சம் என்றால் பூச்சையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

எனவே ஒவ்வொரு சுவரின் முன்னாலும் நின்று நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்தச் சுவருக்குள் தண்ணீர் வர வழி இருக்கிறதா, இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து?

முடிச்சூர் தரைத்தளத்துக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே தேவையில்லை. 2015 வெள்ளத்தில் அந்தப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து நின்றது ஊரறிந்த விஷயம். வெள்ளம் வராத வருடத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அடித்தள பெல்ட்டின் மேல் ஓதத் தடுப்புப் படலம் சரியாகப் போடாத வீடுகளில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் ஈரம் குடித்து நிற்பதை அந்தத் தெருவிலேயே பார்க்கலாம். அதனால் கீழ்த்தளம் முழுக்கச் சிமெண்ட் பூச்சு என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டேன். வெள்ளம் வந்து போனாலும் கழுவிவிட்டு நிற்கும் சுவர் அங்கே வேண்டும்.

மாடியில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு கூடம், இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை. குளியலறை உள்பக்கம் சிமெண்ட்தான், அதன்மேல் டைல் வருகிறது. இதை எல்லோரும் அறிவார்கள். பலர் விட்டுவிடுவது அந்தச் சுவரின் மறுபக்கத்தை. ஷவர் குழாயும் வெந்நீர்க் குழாயும் சுவருக்குள் புதைந்திருக்கும். நாலு அங்குலச் சுவர். ஒரு இணைப்பு கசிந்தாலோ, டைல் இடுக்கு திறந்துகொண்டாலோ தண்ணீர் தரையில் சொட்டாது. மறுபக்கம் படுக்கையறையில், கட்டில் தலைமாட்டில், மங்கலான பழுப்புத் திட்டாகத் தெரியும். ஜிப்சம் பூச்சு கெட்டுப்போன வீடுகளில் நான் அதிகம் பார்த்தது இந்தச் சுவர்தான். ஆகவே குளியலறையை ஒட்டிய சுவர்களின் படுக்கையறைப் பக்கமும் சிமெண்ட்.

"சரி மச்சான், நாலடி வரைக்கும் சிமெண்ட் போட்டு மேல ஜிப்சம் போட்டுக்கலாமே?" என்று கேட்டான்.

கூடாது. ஒரே சுவரின் நடுவில் பூச்சு மாறினால், அந்தக் கோட்டில் விரிசல் வந்தே தீரும். சிமெண்ட் காயும்போது சுருங்குகிறது, ஜிப்சம் சுருங்குவதில்லை. தளத்தையும் மட்டமாக்க முடியாது, பெயிண்ட் உறிஞ்சும் விதமும் மாறி நிழல் தட்டும். பூச்சை மாற்றுவதென்றால் சுவர் முடிந்து திரும்பும் உள்மூலையில்தான் மாற்ற வேண்டும். இதற்கு ஒரே விலக்கு தரையோரம். வீடு துடைக்கும் தண்ணீரை ஜிப்சம் கீழிருந்து உறிஞ்சும். அதனால் தரையிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் வரை ஜிப்சத்தை நிறுத்திவிட்டுச் சிமெண்டால் முடிக்கச் சொல்வேன். அந்தக் கோடு தரையோர டைலுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

வெளிச்சுவர்களைப் பற்றியும் அவனுக்குப் பயம் இருந்தது. வடகிழக்குப் பருவமழை காற்றோடு அடிக்கும்போது வடக்கும் கிழக்கும் நன்றாக நனையும். அங்கே காக்க வேண்டியது வெளிப்பூச்சு. வெளிப்பூச்சு முடியாமல் உள்ளே ஜிப்சம் தொடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். அதை முடித்தபின், ஜன்னல் சட்டத்தைச் சுற்றி அடைப்பு வேலையும் முடித்து, ஹோஸ் குழாயால் வெளியிலிருந்து ஜன்னல் ஓரங்களில் அரைமணி நேரம் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். மழைத்தண்ணீர் உள்ளே வருவது பெரும்பாலும் சுவரின் நடுவில் இல்லை, ஜன்னலின் கீழ் மூலைகளில். உள்ளே ஒருவர் நின்று அந்த மூலைகளில் கைவைத்துப் பார்த்தால் போதும். கிழக்குப் படுக்கையறை ஜன்னலில் ஒரு மூலை நனைந்தது. சட்டத்துக்கும் கட்டுக்கும் நடுவில் விட்டுப்போன இடுக்கு. உள்ளே பூசிய பிறகு தெரிந்திருந்தால் பூச்சின் மேல் பழி விழுந்திருக்கும்.

இனி விரிசல். ஜிப்சத்தில் விரிசலே வராது என்று ஒப்பந்தக்காரர் சொன்னது ஒரு வகை விரிசலுக்கு மட்டும் உண்மை.

சிமெண்ட் கலவையில், இறுகுவதற்குத் தேவையானதை விட அதிகத் தண்ணீர் இருக்கும். இல்லாவிட்டால் கரணையில் பூச வராது. அந்த உபரித் தண்ணீர் போகும்போது பூச்சு சுருங்கப் பார்க்கும், பின்னால் இருக்கும் சுவர் அதைச் சுருங்க விடாது. அந்த இழுபறியில் வறண்ட ஏரி மண் மாதிரி மேற்பரப்பு முழுக்க மயிரிழை விரிசல் ஓடும். சிமெண்டைக் கூடுதலாகப் போட்டால் பூச்சு பலமாகும் என்று நினைத்து 1:3 கலக்கிறார்கள். சுருக்கமும் அதோடு கூடுகிறது. செங்கல் உள்சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் தாராளமாகப் போதும். பூச்சுக்கு வரும் பி சாண்டில் தூள் அதிகமாக இருந்தால் தண்ணீர் அதிகம் குடிக்கும், அதுவும் சுருக்கம்தான். ஒரே தடவையில் 20 மில்லிமீட்டர் ஏற்றினாலும் அதே கதை. கடைசியில் மேற்பரப்பு வழவழப்பாக வரவேண்டும் என்று காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பார்களே, அது மேலே ஒரு மெல்லிய, மிகப் பலமான, மிக அதிகமாகச் சுருங்கும் தோலை உண்டாக்குகிறது. பட்டி பார்க்கப் போகும் சுவருக்கு அந்த வேலையே வேண்டாம். இதற்கெல்லாம் மேல், ஏழு நாளாவது விடாமல் நனைத்தால்தான் சுருங்கும் நேரம் வருமுன் பூச்சு பலம் பிடிக்கும்.

ஜிப்சம் இறுகும்போது சுருங்குவதில்லை, கடுகளவு விரிகிறது. அதனால் இந்த ஏரிமண் விரிசல் அதில் இல்லை. நனைக்கவும் தேவையில்லை. சொல்லப்போனால் நனைக்கக் கூடாது. பழக்கதோஷத்தில் சித்தாள் மறுநாள் காலை ஜிப்சம் சுவரிலும் தண்ணீர் அடித்துவிடுவது நடப்பதுதான். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆனால் வீட்டில் நம் கண்ணை உறுத்தும் விரிசல்கள் பெரும்பாலும் இந்த வகை இல்லை. தூணும் சுவரும் சேரும் இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு, பீமுக்கு அடியில் படுக்கையாக ஒரு கோடு, மின்குழாய்க்கு வெட்டிய காடியின் மேல் ஒரு கோடு. இவை பூச்சில் பிறப்பவை அல்ல. கான்கிரீட்டும் பிளாக்கும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வெவ்வேறு அளவில் அசைகின்றன, பீம் காலப்போக்கில் ஒரு துளி தொய்கிறது. எந்தப் பூச்சு போட்டாலும் இந்த அசைவு அதன்மேல் எழுதப்படும். ஜிப்சத்தின் வழவழப்பில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும் என்பதுதான் கூடுதல் சங்கதி.

இதற்கு மருந்து பூச்சுக்கு முந்திய வேலையில் இருக்கிறது. பிளாக் சுவரின் கடைசி வரியைப் பீமோடு இறுக்கிக் கட்டாமல் சின்ன இடைவெளி விட்டு, மேல் தளத்தின் எடையெல்லாம் ஏறிய பிறகு அடைக்க வேண்டும். தூண் இணைப்பு, பீம் இணைப்பு, காடிகள் எல்லாவற்றின் மேலும் இரண்டு பக்கமும் சமமாக விழும்படி ஆறு முதல் எட்டு அங்குல அகல வலை வேண்டும். சிமெண்ட் பூச்சுக்குக் கோழிவலை போதும். ஜிப்சத்துக்கு நான் கண்ணாடி இழை வலைதான் சொல்வேன். சிமெண்டில் இருக்கும் காரம் இரும்பைத் துருவிலிருந்து காக்கும், ஜிப்சத்தில் அந்தக் காரம் கிடையாது. ஈரமான ஜிப்சத்துக்குள் சாதாரண ஆணியை அடித்துவிட்டால் வெள்ளைச் சுவரில் பழுப்புப் புள்ளிகளாக வெளியே வரும்.

மாடிக்கு ஜிப்சம் பக்கம் நான் சாய்ந்ததற்குப் பெரிய காரணம் ஏஏசி பிளாக். அது தண்ணீரை வெகுவேகமாக உறிஞ்சும், செங்கலை விட மென்மையானது. அதன்மேல் கெட்டியான சிமெண்ட் கலவையைப் பூசினால், இறுகுவதற்கு வேண்டிய தண்ணீரையே பிளாக் இழுத்துக்கொள்ளும். பூச்சு சுருங்கி இழுக்கும் பலத்துக்கு மென்மையான பிளாக்கின் மேற்பரப்பு தாங்காமல் தோலோடு பிரியும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, விரல் முட்டியால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். ஜிப்சம் பொடியில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள் கலந்தே வருகிறது, சுருக்கமும் இல்லை, அதனால் ஏஏசியோடு ஒத்துப்போகிறது. அங்கே சிமெண்ட் பூசியே ஆகவேண்டிய குளியலறைச் சுவர்களுக்கு ஏஏசிக்கென்று வரும் ரெடிமிக்ஸ் பூச்சு வாங்கச் சொன்னேன். சைட்டில் கலப்பதென்றால் 1:6க்கு மேல் கெட்டியாக வேண்டாம், முதலில் பிளாக்கை ஈரத்துணி பிழிந்த பதத்துக்கு மட்டும் நனைக்க வேண்டும்.

பணக் கணக்கும் இங்கே வருகிறது. 25 கிலோ ஜிப்சம் மூட்டை 13 மில்லிமீட்டர் தடிமனில் சுமார் 21 சதுர அடி வரும். பிளாக் சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நின்றால் பத்து மில்லிமீட்டரிலேயே முடிந்துவிடும், மூட்டைக்கு 27 சதுர அடி கிடைக்கும். அவன் மாடியில் ஜிப்சத்துக்கு ஒதுக்கிய 1,400 சதுர அடிக்கு 52 மூட்டை. அதுவே கோணலான செங்கல் சுவராக இருந்து சராசரி 20 மில்லிமீட்டர் ஏற்ற வேண்டியிருந்தால் நூறு மூட்டை தாண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசும்போது எத்தனை மில்லிமீட்டர் வரை அந்த விலை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜிப்சத்தில் பட்டியும் நனைக்கும் கூலியும் மிச்சம், பெயிண்டுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நேரான சுவரில் இரண்டும் ஏறக்குறைய சமம். கோணல் சுவரில் சிமெண்ட்தான் மலிவு.

மாடியின் கூரை உள்பக்கத்துக்கு இரண்டுமே வேண்டாம் என்றேன். மேலே மொட்டை மாடி, என்றாவது ஒருநாள் கசியும். கான்கிரீட் பலகை வழவழப்பாக வந்திருந்ததால் சிமெண்ட் பட்டி மட்டும்.

வேலை நடக்கும்போது ஜிப்சத்தில் கண் வைக்க வேண்டியது கலவைத் தட்டில். பத்து பதினைந்து நிமிடத்தில் கலவை கெட்டிப்படத் தொடங்கும். அப்போது இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கிண்டி மறுபடி பூசுவதை எந்த வேலையாளும் சுலபமாகச் செய்துவிடுவார். அப்படிச் செய்தால் வளர்ந்துகொண்டிருந்த படிகப் பின்னல் அறுந்துவிடும், அது மறுபடி சேராது. அன்று பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஒரு வாரம் கழித்துச் சாவியால் கீறினால் நல்ல பூச்சில் மெல்லிய கோடு விழும், கெட்ட பூச்சில் மாவு கொட்டும். மூட்டையின் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். மூன்று நான்கு மாதம் தாண்டிய மூட்டை காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும், எப்போது இறுகும் என்று சொல்ல முடியாது. வழவழப்பான கான்கிரீட் தூண், பீமின் மேல் நேரடியாகப் பூச விடாதீர்கள். முதலில் பிடிமானத்துக்கான பிரைமர் அடித்து அது காய வேண்டும். அடிச்சுவரும் காய்ந்திருக்க வேண்டும். நேற்று நனைத்த பிளாக்கின் மேல் இன்று ஜிப்சம் பூசினால், அந்தத் தண்ணீர் வெளியே வர ஒரே வழி அந்தப் பூச்சுதான்.

பெயிண்ட் அடிக்கும் நேரத்தில்தான் அவசரம் தொற்றிக்கொள்கிறது. மூன்று நாளில் காய்ந்துவிடும் என்பார்கள். சித்திரையில் ஜன்னல் திறந்திருந்தால் காயலாம், கார்த்திகை மழையில் இரண்டு வாரம் ஆனாலும் காயாது. சந்தேகம் இருந்தால் இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அறைப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது காற்றின் ஈரம், சுவர் மேல் குற்றமில்லை. சிமெண்ட் சுவருக்கும் இதே சோதனைதான். பழைய வீட்டில் திட்டு தெரிந்தால் முதலில் இதைச் செய்துவிட்டுத்தான் எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று தேட ஆரம்பிப்பேன்.

இன்னொன்றை அவன் எலக்ட்ரீஷியனிடம் நானே நேரில் சொன்னேன். பூச்சு முடிந்த பிறகு ஸ்விட்ச் பாக்ஸை நகர்த்துவார்கள், ஏசி குழாய்க்குத் துளை போடுவார்கள், கையில் இருக்கும் சிமெண்டால் ஓட்டையை அடைப்பார்கள். ஜிப்சம் சுவரில் அது ஆகாது. ஈரம் இருக்கும்போது சிமெண்டில் உள்ள அலுமினேட்டும் ஜிப்சத்தின் சல்பேட்டும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகம் உண்டாகும். அது தான் பிறந்த இடத்தை விட அதிக இடம் கேட்டு வீங்கி, அடைப்பைச் சுற்றி உப்பவைத்துத் தள்ளிவிடும். ஜிப்சம் சுவரின் ஓட்டைக்கு ஜிப்சம்தான், அதுவும் ஓரங்களில் தூசி தட்டி, பிரைமர் தொட்டுவிட்டு.

"அப்ப ரெண்டு மூட்டை மிச்சம் பிடிச்சு பரண்ல போட்டு வைக்கவா மச்சான்?" என்றான். வேண்டாம் என்றேன். அடுத்த வருடம் அதை எடுக்கும்போது பாதி இறுகிக் கட்டியாகியிருக்கும், மீதி எந்த வேகத்தில் இறுகும் என்று தெரியாது. ஓட்டை விழுகிற அன்றைக்குத் தேதி பார்த்துப் புதிதாக ஒரு மூட்டை வாங்கிக்கொள்ளட்டும்.